மார்ச் 31-க்கு அறுபது நாள் முன்பே சொல்லுங்கள்

ஒப்பந்தம் மார்ச் 31-உடன் முடிகிறது என்பது முதலாளிக்கும் தெரியும், தொழிலாளிக்கும் தெரியும். பணி நியமனக் கடிதத்திலேயே தேதி அச்சிடப்பட்டிருக்கிறது. அதற்குப் பிறகு வேலை உண்டா இல்லையா என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கம் பொங்கல் முடிந்ததும் கம்பெனி பஸ்ஸில் இதே பேச்சுதான். “உனக்கு எக்ஸ்டென்ஷன் வந்துடுச்சா?” என்று ஒருவர் கேட்பார். “ஹெச்.ஆர்.கிட்ட கேட்டேன், பார்க்கலாம்னு சொன்னாங்க” என்று மற்றவர் சொல்வார். பிப்ரவரி போகும். மார்ச் மூன்றாவது வாரம் போகும். மார்ச் 29 அன்று மாலை ஷிஃப்ட் முடியும் நேரத்தில் ஒரு பட்டியல் வரும். அதில் பேர் இல்லாதவர்கள் மறுநாள் அடையாள அட்டையை ஒப்படைக்க வேண்டும்.

தொழிற்சாலைகளின் பணியாளர் துறையில் நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விடுவது பல சமயங்களில் நியாயமான முடிவுதான். ஆர்டர் குறையலாம், திட்டம் முடியலாம், அந்த வேலைக்கு அந்த ஆள் பொருந்தாமல் போகலாம். ஆனால் அந்த முடிவைக் கடைசி வாரம் வரை தள்ளிப்போட்டு, காரணம் சொல்லாமல், பட்டியல் ஒட்டி அறிவிப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது. பெரும்பாலான இடங்களில் தாமதத்துக்குக் காரணம் தகவல் போதாமை அல்ல. சொல்வதற்கு மனம் வராமைதான்.

இங்கே நான் பேசுவது கம்பெனியே நேரடியாக, குறித்த காலத்துக்கு எழுத்து மூலம் நியமிக்கும் ஊழியர்களைப் பற்றி. ஒப்பந்ததாரர் மூலம் வரும் தொழிலாளர்களின் பிரச்சினை வேறு. அங்கே முதலாளி யார் என்பதே வழக்காகிறது. குறித்த கால ஊழியருக்கு அந்தக் குழப்பம் இல்லை. அவரை எடுத்ததும் கம்பெனிதான், வைத்துக்கொள்வதா என்று முடிவெடுக்க வேண்டியதும் கம்பெனிதான்.

சட்டம் இந்த மௌனத்துக்கு இடம் கொடுத்துவிட்டது. 1947-ஆம் ஆண்டின் தொழிற்தகராறுச் சட்டத்தில் 1984-இல் ஒரு திருத்தம் வந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்து அது புதுப்பிக்கப்படாமல் போனால் அதை ஆள்குறைப்பாகக் கருத வேண்டியதில்லை என்றது அந்தத் திருத்தம். ஆள்குறைப்பு இல்லையென்றால் ஒரு மாத நோட்டீஸ் இல்லை, இழப்பீடும் இல்லை. 2018 மார்ச்சில் மத்திய அரசு குறித்த கால வேலையை எல்லாத் தொழில்களுக்கும் விரித்தபோது, காலம் முடிந்து வெளியேறுபவருக்கு நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ கிடையாது என்று விதியிலேயே எழுதியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் தொகுப்பும் குறித்த காலம் முடிவதை ஆள்குறைப்பு என்ற வரையறைக்கு வெளியே வைத்திருக்கிறது. புதிய தொகுப்புகளில் நல்லதும் உண்டு. அதே வேலை செய்யும் நிரந்தரத் தொழிலாளிக்கு உள்ள சம்பளமும் படிகளும் குறித்த கால ஊழியருக்கும் தர வேண்டும். ஐந்தாண்டு காத்திருக்காமல் ஓராண்டு முடித்தாலே பணிக்கொடை உண்டு. முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்ற ஒரு வரி மட்டும் எங்கும் இல்லை.

“தேதி தாளிலேயே இருக்கிறதே, அதுதானே நோட்டீஸ்?” என்று கேட்கும் மேலாளர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு முறை, ஆறு மாதத்துக்கு எடுக்கப்பட்டவர் விஷயத்தில் அந்த வாதம் செல்லும். இரண்டு முறை புதுப்பித்த பிறகு செல்லாது. இரண்டு மார்ச்சுகளில் கடைசி நேரத்தில் நீட்டிப்பு வந்தவருக்கு மூன்றாவது மார்ச்சிலும் வரும் என்று நம்புவது இயல்பு. அந்த நம்பிக்கையை உண்டாக்கியதே கம்பெனிதான். நம்பியவர் அதன்மேல் வாழ்க்கையைக் கட்டுகிறார். வீட்டு அட்வான்ஸ் கொடுக்கிறார். பிள்ளையை ஜூனில் சேர்க்கப் பள்ளிக்கூடத்தில் பணம் கட்டுகிறார். நகைக்கடனை மாற்றி வைக்கிறார். அவருக்கு வேண்டியது ஆறுதல் அல்ல, அவகாசம். பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஆள் எடுப்பதும் ஏப்ரலுக்கு முன்புதான் நடக்கிறது. மார்ச் 29-இல் வெளியே வந்தால் அந்தப் பஸ்ஸும் போய்விட்டிருக்கும்.

அரசும் இதற்கு விலக்கல்ல. கரோனா காலத்தில் தமிழ்நாட்டில் ஒப்பந்த அடிப்படையில் எடுக்கப்பட்ட செவிலியர்களில் 2,400-க்கும் மேற்பட்டோருக்கு 2022 டிசம்பர் 31-க்குப் பிறகு நீட்டிப்பு இல்லை என்று சொல்லப்பட்டது. அந்த முடிவு வெளியே வந்தது அந்த ஆண்டின் கடைசி நாள்களில். போராட்டம் நடந்தது, மாற்றுப் பணி தருவோம் என்று பிறகு அரசு சொன்னது. பெருந்தொற்றுக்காக எடுத்த பணியிடங்கள் ஒரு நாள் முடியத்தான் செய்யும். அது எந்த நாள் என்பதை அக்டோபரிலேயே சொல்லியிருந்தால், மாற்றுப் பணிக்கான ஏற்பாட்டையும் அக்டோபரிலேயே தொடங்கியிருக்கலாம்.

முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் தாமதத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. புதுப்பிப்பதா என்ற கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. அந்த வேலை அடுத்த ஆண்டு இருக்குமா என்பது ஒன்று. இருந்தால், இவர் அதற்குப் பொருத்தமா என்பது மற்றது. முதல் கேள்விக்கான பதில் உற்பத்தித் திட்டத்திலும் பட்ஜெட்டிலும் இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டியது ஆலை மேலாளர். இரண்டாவதற்கான பதில் அந்த ஊழியரின் வேலைப் பதிவுகளில் இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டியது அவருடைய சூப்பர்வைசர். இரண்டையும் ஒரே கூட்டத்தில், ஒரே பட்டியலில் கலக்கும்போது தவறு நடக்கிறது. பிடிக்காத ஆளை அனுப்ப “ஆர்டர் இல்லை” என்பார்கள். அடுத்த மாதமே அதே இடத்தில் புது ஆள் நிற்பார். அல்லது உண்மையிலேயே ஆர்டர் குறைந்திருக்கும். ஆனால் பட்டியலை நியாயப்படுத்த, நன்றாக வேலை செய்தவரின் கோப்பில் “திறன் போதாது” என்று எழுதுவார்கள். முதல் வகையில் ஊழியர் ஏமாற்றப்படுகிறார். இரண்டாவது வகையில் அவருடைய அடுத்த வேலைக்கும் கேடு வருகிறது.

மூன்றாவதாக ஒரு கேள்வியும் பல அறைகளில் எழும்: “இவரை இன்னும் வைத்திருந்தால் நிரந்தரம் கேட்பாரா?” இந்தக் கேள்விக்கு முடிவில் இடமே இருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது அது. அந்த எண்ணைத் தொடுவதற்கு முன் ஆளை நிறுத்தி, சில நாள் இடைவெளி விட்டு மறுபடி எடுக்கும் பழக்கம் பழையது. 89 நாள் வேலை, ஓரிரு நாள் இடைவெளி, மறுபடி 89 நாள் என்று ஹரியானாவில் ஓர் அரசு நிறுவனம் நடத்தியதை உச்ச நீதிமன்றம் 2006-இல் ஏற்கவில்லை. 1984-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பாதுகாப்பு இதற்குக் கிடைக்காது என்றது. மத்திய நீர் ஆணையத்தில் துப்புரவும் தோட்ட வேலையும் பல்லாண்டு செய்தவர்களைத் தற்காலிகம் என்று சொல்லி வெளியேற்றிய வழக்கில், 2024 டிசம்பரில் அவர்களை மீண்டும் பணியில் சேர்த்து முறைப்படுத்தும்படி அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. வேலை நிரந்தரமானது என்றால், தாளில் இருக்கும் தேதி மட்டும் முதலாளியைக் காப்பாற்றாது. அப்படிப்பட்ட வேலையை நிரந்தரப் பணியிடமாக்குவதுதான் வழி. புதுப்பிப்பதா வேண்டாமா என்ற விவாதமே அங்கே எழக்கூடாது.

இனி ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். கார் கம்பெனிக்கு பிரேக் பாகங்கள் செய்து கொடுக்கும் நடுத்தர ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். இறுதித் தரப் பரிசோதனையில் 12 பேர் குறித்த கால ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள். எல்லோருக்கும் மார்ச் 31 கடைசி நாள். கார் கம்பெனி மாதாமாதம் அந்த மாதத்துக்கு உறுதியான ஷெட்யூலும், அடுத்த இரண்டு மூன்று மாதங்களுக்கு உத்தேச அளவும் அனுப்பும். டிசம்பர் கடைசியில் வந்த தாளில் ஒரு மாடல் மார்ச்சோடு நிற்கிறது என்று தெரிகிறது. பரிசோதனை வேலையும் அதற்கேற்பக் குறையும். 12 பேருக்கு வேலை இருந்த இடத்தில் 8 பேருக்குத்தான் இருக்கும். ஆக, முதல் கேள்விக்கான பதில் ஜனவரி முதல் வாரத்திலேயே கையில் இருக்கிறது. “மார்ச்சில் ஆர்டர் கூடினால் என்ன செய்வது?” என்று உற்பத்தி மேலாளர் தயங்குவார். கூடினால் அழைத்துக்கொள்ளலாம், அதற்காக 12 பேரையும் மூன்று மாதம் அந்தரத்தில் நிறுத்தக் கூடாது.

ஜனவரி 10-க்குள் எட்டு என்ற எண் எழுத்தில் முடிவாகிறது. அதற்குப் பிறகுதான் பேர்களைப் பேச வேண்டும். அந்த நான்கு பேருக்கு மெஷின் ஷாப்பிலோ ஸ்டோரிலோ இடம் இருக்கிறதா என்பதையும் பேர்களைப் பேசுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். இந்த ஆலையில் உள்வரும் பொருள் பரிசோதனையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. ஆக, வெளியே போக வேண்டியவர்கள் மூன்று பேர்.

அந்த மூவர் யார்? பல ஆலைகளில் சூப்பர்வைசர் தன் நினைவிலிருந்து பேர் சொல்வார். அவர் நினைவில் இருப்பது கடந்த இரண்டு மாதம்தான். ஆனால் லைனின் பக்கத்திலேயே ஒரு பலகை மாட்டியிருக்கிறது. ஒவ்வொரு பேருக்கும் நேரே, ஒவ்வொரு வேலைக்கும் நாலாகப் பிரித்த ஒரு வட்டம். கற்றுக்கொண்டிருப்பவருக்குக் கால் வட்டம் கறுப்பு. மேற்பார்வையில் செய்பவருக்கு அரை. தனியாகச் செய்பவருக்கு முக்கால். மற்றவருக்குச் சொல்லிக்கொடுப்பவருக்கு முழு வட்டம். ஸ்கில் மேட்ரிக்ஸ் என்று சொல்லும் இந்தப் பலகையை ஆடிட்டர் வரும்போது மட்டும் துடைத்து வைக்கிறார்கள். புதுப்பிக்கும் முடிவுக்கு இதைவிட நேர்மையான தாள் ஆலையில் வேறு இல்லை. ஊழியர் தினமும் கடந்துபோகும் இடத்தில், அவர் கண்ணெதிரே நிரப்பப்பட்டது அது.

இத்துடன் இரண்டு பதிவுகளைச் சேர்த்தால் போதும். ஒன்று, அவர் பார்த்து அனுப்பிய பெட்டிகளில் வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்த குறைகள். மற்றொன்று வருகைப் பதிவு. இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பெண் போட்டுவிட்டுப் பிறகு ஒப்பிட வேண்டும். எந்த அளவுகோல் என்பதைப் பேர்களைப் பார்ப்பதற்கு முன் எழுதிவைக்க வேண்டும்; பேர்களைப் பார்த்த பிறகு எழுதிய அளவுகோல், ஏற்கெனவே மனதில் இருக்கும் பட்டியலுக்கு ஏற்றபடி வளைந்துவிடும். செப்டம்பரில் போட்ட அரையாண்டு மதிப்பீடு கோப்பில் இருக்கும். அதில் “நன்று” வாங்கியவர் ஜனவரியில் கடைசி இடத்துக்கு வந்தால், நடுவில் என்ன நடந்தது என்று சூப்பர்வைசர் சம்பவத்தோடு சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அந்த மதிப்பெண்ணை ஏற்காதீர்கள்.

வருகைப் பதிவில்தான் அநியாயம் அதிகம் நுழைகிறது. இந்தப் பன்னிரண்டு பேரில் ஒரு பெண், இரண்டு ஆண்டுப் பணி முடிக்கப்போகிறவர், இந்த ஆண்டு 26 நாள் வரவில்லை. பட்டியலில் பத்தாவது இடத்துக்குப் போய்விட்டார். கோப்பைத் திறந்து பார்த்தால், 26-இல் 19 நாள் பித்தப்பை அறுவைசிகிச்சைக்காக இ.எஸ்.ஐ. மருத்துவமனைச் சான்றோடு எடுத்த விடுப்பு. அதைக் கழித்தால் ஏழு நாள், ஏழாவது இடத்துக்கு வருகிறார், வேலை தொடர்கிறது. சட்டப்படி எடுத்த விடுப்பு ஒருவருக்கு எதிரான மதிப்பெண்ணாக மாறக் கூடாது என்று யாரும் தனியாகச் சொல்லாததால், கணினி போட்ட கூட்டல் அவரை வெளியே அனுப்பியிருக்கும். மகப்பேறு விடுப்பிலும் இதேதான். ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் மகப்பேறு பலன் முழுதாகத் தர வேண்டும் என்று டெல்லியில் ஒப்பந்தப் பணியில் இருந்த மருத்துவர் ஒருவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. கர்ப்பமாக இருப்பவரைப் புதுப்பிக்காமல் விட்டால் செலவு மிச்சம் என்று கணக்குப் போடுகிறவர்கள் அந்தத் தீர்ப்பைப் படிக்க வேண்டும்.

ஜனவரி 25-க்குள் பேர்கள் முடிவாகிவிடும். ஜனவரி 30 அன்று, அதாவது மார்ச் 31-க்கு 60 நாள் முன்பு, பன்னிரண்டு பேருக்கும் சொல்லப்படுகிறது. எல்லோருக்கும் ஒரே நாளில். புதுப்பிக்கப்படுபவர்களுக்கு முதலில் சொல்லி, மற்றவர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அழைக்கப்படாதவர் தன் கதியைத் தானே புரிந்துகொள்வார். அல்லது கேன்டீனில் ஒருவர் சொல்லித் தெரிந்துகொள்வார். ஷிஃப்ட் முடிந்து பஸ் ஹாரன் அடிக்கும் நேரத்திலும் சொல்லக் கூடாது. காலை ஷிஃப்டின் முதல் பாதியில், கதவு சாத்திய அறையில், ஒவ்வொருவராக. சூப்பர்வைசரும் இருக்க வேண்டும். தினமும் வேலை வாங்கியவர் அந்த நாளில் மட்டும் காணாமல் போகக் கூடாது.

என்ன சொல்வது? முதல் வாக்கியத்திலேயே முடிவு வந்துவிட வேண்டும். குடும்பம் எப்படி இருக்கிறது என்று ஐந்து நிமிடம் விசாரித்துவிட்டுச் சொல்வது, எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு வேதனையை நீட்டும். “மார்ச் 31-ஓட உங்க காண்ட்ராக்ட் முடியுதும்மா. அதுக்கப்புறம் எக்ஸ்டென்ஷன் இல்ல. இது முடிவாயிடுச்சு, மாறாது. ஏன்னு சொல்றேன்” என்று ஆரம்பித்தால் போதும். அவர் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “நான் என்ன சார் தப்பு பண்ணேன்?” ஆர்டர் குறைந்ததுதான் காரணம் என்றால், தப்பு எதுவும் இல்லை என்பதை அந்த நொடியே சொல்லி, நின்றுபோகும் மாடல் எது, எத்தனை இடம் குறைகிறது, எதை வைத்து ஆள் தேர்ந்தெடுக்கப்பட்டது, அவருடைய மதிப்பெண் என்ன என்று காட்ட வேண்டும். அதைப் பார்த்து அவர் ஒரு தவறைச் சுட்டிக்காட்டினால் ஏழு நாளில் மறுபரிசீலனை செய்ய, பட்டியலைப் போடாத மூத்த அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். அந்தப் பெண்ணின் 19 நாள் விடுப்பைக் கோப்பில் யாரும் கவனிக்காமல் விட்டிருந்தால், அது வெளிவரும் இடம் இதுவாகத்தான் இருந்திருக்கும். மாறாது என்று சொன்ன முடிவையும், தவறு நிரூபணமானால் மாற்ற வேண்டும். அந்த வழி இருப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

காரணம் அவருடைய வேலைதான் என்றால் பேச்சு கடினம். அங்கே மழுப்பினால் மோசமாகும். “மூணு தடவை கிராக் உள்ள பீஸ் உங்க ஸ்டேஷன்ல இருந்து போயிருக்கு. ஆகஸ்ட்ல சொன்னோம், திரும்ப டிரெயினிங் கொடுத்தோம், டிசம்பர்லயும் வந்துச்சு” என்று சொல்ல முடிய வேண்டும். ஆகஸ்டில் யாரும் சொல்லவில்லை என்றால், ஜனவரியில் அதைக் காரணமாக்கும் தகுதி கம்பெனிக்கு இல்லை. ஒருவர் தன் குறையை முதன்முதலாகக் கேள்விப்படுவது வெளியேறும் அறையில் என்றால், தவறு அவருடைய மேற்பார்வையாளர் மேல்தான். அப்படிப்பட்டவருக்கு, குறையை எழுதிக் கொடுத்து, மூன்று மாத நீட்டிப்பில் திருத்திக்கொள்ள வாய்ப்புத் தருவதே சரி.

சொல்லக் கூடாதவையும் சில உண்டு. “மேலிடத்து முடிவு, என் கையில் இல்லை” என்பது அதில் முதலாவது. சொல்பவர் தன்னைக் காத்துக்கொள்வதற்கான வாக்கியம் அது. கேட்பவருக்கு அதில் ஒரு தகவலும் இல்லை. “கவலைப்படாதீங்க, ஏதாவது பார்க்கலாம்” என்பது அதைவிடத் தீங்கானது. அந்த ஒரு சொல்லை நம்பி வேறு வேலை தேடாமல் மார்ச் வரை காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். திரும்ப அழைக்கும் உத்தேசம் உண்மையிலேயே இருந்தால் அதை எழுத்தில் தாருங்கள்: ஆறு மாதத்துக்குள் இதே பிரிவில் ஆள் எடுத்தால், வெளியாளுக்கு முன் இந்த மூவரையும் அழைப்போம் என்று. இல்லையென்றால் அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம்.

கடிதம் அன்றே கையில் இருக்க வேண்டும், தமிழில். ஒரு பக்கம் போதும். ஒப்பந்தம் முடியும் தேதி, புதுப்பிக்கப்படவில்லை என்ற தெளிவான வாக்கியம், அறையில் சொன்ன அதே காரணம், மறுபரிசீலனை கேட்கும் வழி, கணக்கு முடிக்கும் தேதி, கையில் வரும் தொகை. அறையில் ஒரு காரணமும் கடிதத்தில் “நிர்வாகக் காரணங்களால்” என்றும் இருந்தால், ஊழியர் இரண்டையும் நம்பமாட்டார். வழக்கறிஞர்கள் காரணம் எழுத வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். எழுதியதை நீதிமன்றத்தில் காட்டுவார்களே என்பது அவர்களுடைய பயம். உண்மையான காரணத்தை எழுதிய கடிதம் கம்பெனிக்கும் சாட்சிதான். காரணம் எழுதக் கை கூசுகிறது என்றால் முடிவைத்தான் மறுபடி பார்க்க வேண்டும்.

இதற்கு எதிராக வழக்கமாக ஒரு வாதம் வரும்: முன்கூட்டிச் சொன்னால் இரண்டு மாதம் ஒழுங்காக வேலை செய்யமாட்டார்கள், பாதியில் ஓடிவிடுவார்கள், தரம் கெடும். தரப் பரிசோதனையில் இந்தப் பயத்தை ஒதுக்கிவிட முடியாது. கவனம் சிதறினால் பழுதான பிரேக் வெளியே போகும். ஆனால் ஜனவரியில் பட்டியல் வருமா வராதா என்று தூக்கம் கெட்டவரின் கவனம் மட்டும் சிதறாமலா இருக்கிறது? அந்த இரண்டு மாதத்தில் 12 பேரின் மனமும் வேலையில் இருப்பதில்லை. சொல்லிவிட்டால் ஒன்பது பேர் நிம்மதியாக வேலை பார்ப்பார்கள். பாதியில் போவது நடக்கும். வேறு வேலை கிடைத்துப் போகிறார் என்றால் அது நல்ல செய்தி. சிரமத்தை ஷிஃப்ட் மாற்றிச் சமாளிக்கலாம். மார்ச் 31 வரை இருப்பவர்களுக்கு அரை மாதச் சம்பளத்தை முடிவுத் தொகையாகத் தருவதும், நேர்காணலுக்குப் போக மூன்று நாள் சம்பளத்தோடு விடுப்புத் தருவதும் மூன்று பேருக்குப் பெரிய செலவு அல்ல. விடைபெறுபவரைக் கடைசி மாதத்தில் கிராக் பார்க்கும் இறுதி ஸ்டேஷனிலிருந்து மாற்றி, எண்ணிக்கையும் பேக்கிங்கும் பார்க்கும் இடத்தில் வைக்கலாம். ஏன் என்று அவரிடமே சொல்லிவிட்டு.

சில சமயம் உண்மையிலேயே முடிவெடுக்க முடியாது. வாடிக்கையாளர் மார்ச் 15-க்குத்தான் ஒப்பந்தம் போடுவார் என்று இருக்கலாம். அரசுத் திட்டத்தில் நிதி ஒதுக்கீடு வராமல் இருக்கலாம். அப்போதும் ஜனவரி 30 அன்று அழைத்துச் சொல்ல வேண்டும்: இன்னும் முடிவாகவில்லை, எதற்காகக் காத்திருக்கிறோம், எந்தத் தேதியில் சொல்வோம் என்று. அந்தத் தேதி மார்ச் 31-க்கு மிக நெருங்கி வந்தால், இரண்டு மாதத்துக்கு எழுத்து மூலம் நீட்டித்து, அந்த இரண்டு மாதத்தையே அவகாசமாக்கலாம். தாளே இல்லாமல் ஏப்ரலிலும் பஸ்ஸில் ஏற்றி வேலை வாங்குவது மட்டும் கூடாது. மே மாதம் பின்தேதியிட்ட கடிதத்தில் கையெழுத்து வாங்கும் ஆலைகள் இருக்கின்றன. அந்த இடைப்பட்ட நாள்களில் ஒரு விபத்து நடந்தால் அவர் யாருடைய ஊழியர் என்று இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் நிற்க வேண்டியவர் அவர்தான்.

கடைசி நாளின் கணக்கும் நியாயத்தில் சேர்ந்ததுதான். இந்த ஆலையில் வெளியேறும் மூவரில் ஒருவருக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 18,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 26-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 700. ஆண்டுக்கு 15 நாள் என்றால் 10,500. இரண்டு ஆண்டுப் பணிக்கு 21,000 ரூபாய் பணிக்கொடை. ஓராண்டிலேயே இது உண்டு என்று பல ஊழியர்களுக்குத் தெரியாது. தெரியாது என்பதால் சில இடங்களில் கொடுப்பதும் இல்லை. பி.எஃப். கணக்கில் வேலையிலிருந்து விலகிய தேதியைக் கம்பெனி பதிவேற்ற வேண்டும். அதைச் செய்யாவிட்டால், ஊழியர் தானே பதிவேற்ற இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். பணம் மிகவும் தேவைப்படும் இரண்டு மாதம் அது. இ.எஸ்.ஐ. விஷயம் இன்னும் யாருக்கும் சொல்லப்படுவதில்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரையும், அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரையும் பலன் உண்டு. ஒவ்வொரு அரையாண்டிலும் 78 நாள் சந்தா இருக்க வேண்டும். மார்ச் 31-இல் வேலை போனவர், இந்தக் கணக்குப்படி டிசம்பர் வரை இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போகலாம். அட்டையைக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டோம், இனி நமக்கு இல்லை என்று நினைத்து, தனியார் மருத்துவமனையில் கடன் வாங்கிக் கட்டுகிறார்கள்.

ஜப்பானில் இதற்கு ஓர் அரசு நெறிமுறை இருக்கிறது. மூன்று முறைக்குக் குறையாமல் புதுப்பிக்கப்பட்ட, அல்லது ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து வேலை செய்த ஒப்பந்த ஊழியரைப் புதுப்பிக்கப்போவதில்லை என்றால், காலம் முடிவதற்கு 30 நாள் முன்பாவது சொல்ல வேண்டும். ஊழியர் கேட்டால் காரணத்தை எழுதித் தர வேண்டும். அங்கேயும் ஒப்பந்தத்தில் தேதி அச்சிட்டுத்தான் இருக்கிறது. அந்தத் தேதியே நோட்டீஸ் ஆகிவிடும் என்று அவர்கள் நினைக்கவில்லை.

தமிழ்நாடு இதைவிடச் சற்று நன்றாகவே செய்யலாம். தொழிற்சாலைகளின் நிலையாணைகளில் இரண்டு வரி சேர்ந்தால் போதும். ஓராண்டு முடித்த குறித்த கால ஊழியருக்குப் புதுப்பிப்பா இல்லையா என்பதை 60 நாள் முன்பு, காரணத்தோடு, தமிழில் எழுதித் தர வேண்டும் என்பது ஒரு வரி. தராவிட்டால், குறையும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நாள் சம்பளம் என்பது மற்றொரு வரி. மார்ச் 29-இல் சொல்லும் கம்பெனி 58 நாள் சம்பளம் தர வேண்டியிருக்கும். அரசுத் திட்டங்களில் தொகுப்பூதியத்தில் இருப்பவர்களுக்கும் இதே விதி வேண்டும். அவர்களில் பலருடைய ஒப்பந்தமும் நிதியாண்டோடு மார்ச் 31 அன்றுதான் முடிகிறது. துறைச் செயலாளர்கள் நிதி ஒதுக்கீட்டுக் கோப்பைப் பார்க்கத் தொடங்கும் ஜனவரியிலேயே, அதே மேசையில் இந்தக் கோப்பையும் வைக்கலாம்.